நாலாவது தட்டு

அரங்கநாதனுக்கு எழுத்தை எண்ணத் தெரியும். திருக்கோவிலூரில் பள்ளிக்கூடம் படித்த காலத்திலேயே அசை பிரிக்கவும் சீர் பிரிக்கவும் கற்றுக்கொண்டு, கல்யாண வீடுகளுக்கு வாழ்த்துப்பா எழுதிக் கொடுத்து நல்ல பேர் வாங்கியிருந்தார். பிறகு அம்மை குத்தும் வேலை கிடைத்தது. கள்ளக்குறிச்சியில் ஒரு மளிகைக் கடைக்குப் பின்னால் அறை எடுத்துத் தங்கி, ஊசி மருந்துப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். அவர் தலை தெரிந்ததும் பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கரும்புத் தோட்டத்துக்குள் ஓடிவிடுவார்கள். ஓடாத வீட்டில் கதவு சாத்தியிருக்கும். அவர் யாரையும் திட்டியதில்லை. நிழல் பார்த்து உட்கார்ந்து, ஓடியவர்கள் திரும்பி வரும்வரை காத்திருப்பார்.

கோமுகி ஆற்றில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. பல ஊர்களிலிருந்தும் ஜனங்கள் வேலைக்கு வந்து கொட்டகை போட்டுத் தங்கியிருந்தார்கள். அந்தப் பங்குனியில் கொட்டகைகளில் அம்மை கண்டது. அங்கிருந்து வடக்கனந்தலுக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருந்த ஒரு சின்னக் குடியிருப்புக்கும் வந்து சேர்ந்தது.

குடியிருப்பில் முதலில் படுத்தது வீரமுத்து. குஞ்சம்மாளுக்கும் பாவாடைக்கும் பிறந்த பிள்ளை, ஐந்து வயது. வாசலில் வேப்பிலை செருகிவிட்டார்கள். அந்த வீட்டில் அடுப்பில் தாளிக்கவில்லை, யாரும் தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை. வெளியாள் படியேறக் கூடாது. அரங்கநாதன் வேலியோரமாக நின்று பாவாடையிடம் பேசினார்.

"படுத்திருக்கிற பிள்ளைக்கு என் ஊசியால இனிமே பிரயோஜனம் இல்லீங்க. ஆனா உங்க பொண்ணுக்கும் பக்கத்து வூட்டுப் பிள்ளைங்களுக்கும் இப்பவே போட்டுட்டா தப்பிச்சிக்கும்."

"ஆத்தா வந்து எறங்கியிருக்கா. அவ இருக்கும்போது ஊசி கீசின்னு பேசாதீங்க. கோவம் ஜாஸ்தியாயிடும்" என்றான் பாவாடை. அவன் கண் சிவந்திருந்தது. தூங்கிப் பல நாள் ஆகியிருக்கும்.

மாலையானால் மாரியம்மன் கோயில் முன்னால் பெண்கள் கும்மி கொட்டினார்கள். பழனி பம்பை அடிப்பான். பாவாடையின் தங்கை ராஜாம்பாள் முன்பாட்டு பாடுவாள். சுற்றி நிற்கும் பெண்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள்.

வேப்பிலை வீசிவா மாரித்தாயே
வெக்கையை ஆத்திவை மாரித்தாயே

பல ஊர்களில் கேட்ட பாட்டுதான். இந்தப் பாட்டிலேயே நம் சேதியைச் சொன்னால் என்ன என்று அரங்கநாதனுக்கு அன்று தோன்றியது. தான் சொன்னால் கேட்காதவர்கள் அம்மன் பாட்டு சொன்னால் கேட்பார்கள். அறைக்குப் போய், ஒரு மணி நேரத்துக்குள் எழுதிவிட்டார். எழுத்தை எண்ணினார், அடிக்கு அடி ஒத்துவந்தது. எதுகையும் மோனையும் இருந்தன. முதல் அடி இது: பச்சைப் பிள்ளைகளை எடுத்துக்கொள்ளாதே எங்கள் தாயே. அதற்குக் கீழே ஊசியைப் பற்றி வரிசையாக நாலு அடி.

மறுநாள் மாலை ராஜாம்பாளிடம் கேட்டார். "உங்க பாட்டுதான்மா, நாலஞ்சு அடி கூட சேத்திருக்கேன். நான் பாடறேன், நீங்க வாங்கிப் பாடுங்க." அம்மனைத் தாயே என்று கூப்பிடும் பாட்டு என்பதால் அவள் மறுக்கவில்லை. பம்பை எழும்பியது. கைகள் தட்டத் தொடங்கின. அன்று குஞ்சம்மாளும் வட்டத்தில் இருந்தாள். பிள்ளையைப் புருஷன் பார்த்துக்கொள்ள, ஆத்தாளிடம் நேரில் வேண்டிக்கொள்ள வந்திருந்தாள்.

அந்த மெட்டில் ஒரு வரிக்கு நாலு தட்டு. மூன்று தட்டுக்கு வார்த்தை ஓடும். நாலாவது தட்டில் குரல் நீண்டு நிற்கும். நின்ற உடனே வட்டம் அதைப் பறித்துக்கொண்டு, கேட்டதை அப்படியே திருப்பிப் பாடும். பாடுகிறவர் அதற்குமேல் ஒரு எழுத்துகூடச் சொல்ல முடியாது. அரங்கநாதன் இதைப் பலமுறை கேட்டிருக்கிறார். கேட்டிருக்கிறாரே தவிர, கவனித்ததில்லை.

பச்சை என்று முதல் தட்டு விழுந்தது. பிள்ளைகளை என்று இரண்டாவது. எடுத்து என்று மூன்றாவது. நாலாவது தட்டு 'கொள்' என்ற அசையின்மேல் விழுந்தது. மெட்டு அவரை அங்கே நிறுத்தியது. மிச்சம் இருந்த 'ளாதே எங்கள் தாயே' வாயிலிருந்து வருவதற்குள் வட்டம் வாங்கிக்கொண்டது. எழுத்துத் தமிழை அவர்கள் தங்கள் வாய்க்கு ஏற்றபடி திருப்பினார்கள்.

பச்சப் புள்ளைங்கள எடுத்துக்கோ.

எல்லாக் குரலும் சேர்ந்து, அம்மனுக்கு நேராக, பம்பையோடு. பாட்டு வாயில் வரும்போது புத்தி பின்னால்தான் வரும். கும்மி கால் எடுத்து வைத்து அடுத்த தட்டுக்குப் போன பிறகுதான், என்ன பாடினோம் என்பது ஒவ்வொருத்திக்கும் உறைத்தது. முதலில் ராஜாம்பாள் கையை நிறுத்தினாள். பழனியின் பம்பை இரண்டு அடி தனியாகப் போய் நின்றது. குஞ்சம்மாள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"இன்னா பாட்டு எழுதிக்கினு வந்த நீ?" என்றான் பழனி. அதுவரை அவன் அரங்கநாதனை நீ என்று சொன்னதில்லை.

அரங்கநாதன் மீதி அடியைச் சொல்லி விளக்க முயன்றார். யாரும் காதில் வாங்கவில்லை. குஞ்சம்மாள் வீட்டைப் பார்த்து ஓடினாள்.

அந்த வாரமே வீரமுத்து போய்விட்டான்.

அந்தப் பிள்ளைக்கு வந்திருந்தது முத்து முத்தாகப் பிரிந்து நிற்கிற அம்மை அல்ல. ஒன்றோடொன்று சேர்ந்து போகிற வகை. பாடினாலும் பாடாவிட்டாலும் பிழைத்திருக்க மாட்டான் என்று அரங்கநாதனுக்குத் தெரியும். அது தெரிந்ததால் ஒரு பிரயோஜனமும் இல்லை. குடியிருப்பே அவருக்குக் கதவடைத்துவிட்டது. வேலிக்கு வெளியே நிற்கவும் விடவில்லை. ஊசி போட்டிருந்தால் தப்பித்திருக்கக்கூடிய இரண்டு பிள்ளைகள் அடுத்தடுத்துப் போயின. ஒன்று பழனியின் கைக்குழந்தை. சைக்கிளை ஆற்றங்கரையில் சாய்த்து நிறுத்திவிட்டு, சின்னக் குழி தோண்டுவதைத் தூரத்திலிருந்து பார்த்தார். அந்தப் பாட்டை எழுதாமல் இன்னும் ஒரு மாதம் வேலியோரமாகவே நின்று பேசிக்கொண்டிருந்தால் ஒருவேளை ராஜாம்பாளாவது கையை நீட்டியிருப்பாள். அந்த ஒருவேளையை அவரால் மனதிலிருந்து எடுக்க முடியவில்லை.

சித்திரையில் அவரை அணைக்கட்டுக் கொட்டகைகளில் வேலை பார்க்கப் போட்டார்கள். அங்கே கூலிக்கு வந்தவர்களிடம் ஊசி போட்டுக்கொண்டால்தான் வேலை என்று சொல்லியிருந்ததால் யாரும் ஓடவில்லை. அவர்களில் குடியிருப்புப் பெண்களும் இருந்தார்கள். ராஜாம்பாள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கையைக் காட்டினாள். குஞ்சம்மாளும் காட்டினாள். தான் இருந்தாலென்ன போனாலென்ன என்பது போல அந்தக் கை இருந்தது. பிள்ளைகளை மட்டும் அவர்கள் ஊரிலேயே விட்டுவிட்டு வந்தார்கள்.

அணையின் கரையில், கல்கட்டை ஒட்டி யந்திரம் போக முடியாத ஓரங்களில், பெண்கள் வரிசையாக நின்று திமிசுக் கட்டையால் மண்ணை இடித்து இறுக்கினார்கள். கனமான கட்டை, எல்லோரும் ஒன்றாகத் தூக்கி ஒன்றாகப் போட்டால்தான் கை தாங்கும். அதற்குப் பாட்டு வேண்டும். மாரியம்மன் மெட்டையே பாடினார்கள். சாவு விழுந்த ஊர்க்காரர்கள் என்பதால் வார்த்தை இல்லாமல், தன்னானே தானானே என்று மட்டும்.

ஊசி போட்டுவிட்டு ஓய்ந்திருந்த ஒரு மத்தியானம் அரங்கநாதன் அந்தக் கரையில் உட்கார்ந்திருந்தார். வார்த்தை இல்லாத பாட்டை அவர் அதற்குமுன் கேட்டதில்லை. வார்த்தை இருந்தபோது அவர் காது அதன் பின்னாலேயே போயிருந்தது, எழுத்தை எண்ணிக்கொண்டிருந்தது. இப்போது எண்ண ஒன்றும் இல்லை. கட்டை விழுந்தது. மறுபடி விழுந்தது. மூன்றாவது விழுந்தது. நாலாவது விழுந்ததும் குரல் நீண்டது. அந்த நீளத்தில் பெண்கள் மூச்சு வாங்கினார்கள், கட்டையில் பிடியை மாற்றினார்கள். மெட்டு அங்கே நிற்பது அழகுக்காக அல்ல, ஜனங்களுக்கு மூச்சு வேண்டும் என்பதற்காக. தான் 'கொள்' என்று வைத்தது அவர்கள் மூச்சு வாங்குகிற இடத்தில்.

அதன்பின் தினமும் வந்து உட்கார்ந்தார். சரளைக் கற்களைப் பொறுக்கி, கட்டை விழும் இடத்துக்கு ஒரு கல்லாக வரிசை வைத்தார். குரல் நீளும் இடத்தில் ஒரு குச்சியைக் கிடத்தினார். கட்டை விழும்போது எந்தத் தன்னானே அழுந்துகிறது, எது இலேசாக நழுவிப் போகிறது என்று கேட்டார். தொடையில் தட்டிக்கொண்டு, வாய்க்குள்ளேயே தன்னானே சொல்லிப் பார்த்தார். முதல் சில நாள் அவர் தட்டு முந்திக்கொண்டது. பாட்டு போன பிறகும் சிலசமயம் தட்டிக்கொண்டிருந்தார். சைக்கிள் மிதிக்கும்போது மிதியோடு சேர்த்துப் பாடிப் பார்த்தார். ஒரு வார்த்தையும் வைக்கக் கூடாது என்று தனக்குத்தானே கட்டளை போட்டிருந்தார்.

ஒருநாள் கட்டளையை மீறி, குழந்தை என்ற சொல்லை முதல் தட்டில் வைத்துப் பார்த்தார். தட்டு விழுந்த கனத்தில் 'கு' நீண்டு 'கூழந்தை' ஆயிற்று. அப்போதுதான் புரிந்தது. இந்த மெட்டு தட்டு விழும் எழுத்தை இழுக்கும். நெட்டெழுத்தோ ஒற்று அடுத்து நின்று கனக்கும் எழுத்தோ இருந்தால் தாங்கும். ஒற்றைக் குறில் தாங்காது, உருமாறிப்போகும். வேப்பிலை, வீசிவா, மாரி, தாயே. பழைய பாட்டில் ஒவ்வொரு தட்டும் தாங்கக்கூடிய எழுத்தின்மேல்தான் விழுந்திருந்தது. நாலாவது தட்டில் எப்போதும் தாயேதான். எத்தனை முறை திருப்பிப் பாடினாலும் அங்கே நிற்பது அவள் பேர்.

அந்த வரிசையில் குஞ்சம்மாள் மட்டும் பாடவில்லை என்பதையும் அவர் கவனித்தார். கட்டை சரியாக விழும், உதடு அசையாது.

வைகாசியில் மலையிலிருந்து கூலிக்கு இறங்கி வந்த ஆட்கள், மேலே இரண்டு ஊரில் அம்மை கண்டிருக்கிறது என்று சொன்னார்கள். குடியிருப்பிலும் இன்னும் ஓயவில்லை. அரங்கநாதன் ஒரு மாலை, வேலை முடிந்து பெண்கள் ஆற்றில் கை கால் கழுவிக்கொண்டிருந்த இடத்துக்குப் போனார். குஞ்சம்மாளுக்கு எட்டத்தில் நின்றார்.

"அம்மா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். கேக்க எனக்கு யோக்கியதை கெடையாது."

அவள் திரும்பவில்லை. "நீங்க இன்னா பண்ணீங்க? பாடுனது நான். எம் வாயாலதான எடுத்துக்கோன்னு சொன்னேன். பெத்தவ சொன்னா ஆத்தா கேக்காம இருப்பாளா?"

"நீங்க சொல்லலம்மா. நான் வார்த்தைய வெச்ச இடம் தப்பு. தட்டு அங்க வந்து நின்னுக்கிச்சி."

"எல்லாம் ஒண்ணுதான்."

அவள் குனிந்து காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தேய்த்துக் கழுவினாள். பிறகு அவர், "சின்னக்கண்ணு வூட்டுலதான இருக்கு?" என்று கேட்டார். சின்னக்கண்ணு வீரமுத்துவுக்கு அக்கா, குஞ்சம்மாளுக்கு இப்போது மிஞ்சியிருந்த ஒரே பிள்ளை. குஞ்சம்மாள் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

"அவள பத்தி எதுக்குக் கேக்கறீங்க?"

"அவளுக்கு வரக்கூடாதுன்னுதாங்க. ஊர்ல எல்லாப் பிள்ளைக்கும் போடணும். பாட்டு வழியாதான் கெட்டுது, பாட்டு வழியாதான் சரியாவணும். புதுசா ரெண்டு வரி வெச்சிருக்கேன். இந்த தடவ நான் பாடமாட்டேன். நீங்க சரின்னா ராஜாம்பாள் பாடட்டும். நீங்க வேணாம்னா அத இந்த ஆத்துலயே வுட்டுடறேன்."

அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். ஒரு கல்லை எடுத்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்தாள். "சொல்லுங்க. நான் எங்க நிறுத்தறனோ அங்க நிறுத்துங்க. மேல ஒரு எழுத்து வரக்கூடாது."

அவள் கல்லால் பாறையைத் தட்டினாள். அவர் பாடாமல், தட்டுக்குச் சொன்னார்.

தோளிலே காப்புவெச்சோம் மாரித்தாயே
தொட்டிலைப் பாத்துக்கோ மாரித்தாயே

அவள் முதல் தட்டிலேயே நிறுத்தினாள். "தோளிலே." கெட்டது ஒன்றும் இல்லை. அடுத்ததில் நிறுத்தினாள். "தோளிலே காப்புவெச்சோம்." ஊசி குத்திய தழும்பை அவர் காப்பு என்று வைத்திருப்பது அவளுக்குப் புரிந்தது. திருவிழாவுக்குக் கையில் மஞ்சள் நூல் கட்டினால் அதுவும் காப்புதான். அதைக் கட்டியவரை ஆத்தா தன் ஆளாகத்தான் பார்ப்பாள். மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொல்லி, ஒவ்வொரு தட்டாக வெட்டி வெட்டிக் கேட்டாள். எங்கே அறுத்தாலும் அறுந்த துண்டு என்ன சொல்கிறது என்று பார்த்தாள். இரண்டாவது வரியில் 'பாத்துக்கோ' வந்ததும் அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

"அந்தக் கோ வேணாம்" என்றாள்.

பார்த்துக்கொள் என்றுதானே பொருள் என்று அவர் சொல்ல வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சொல்லவில்லை. அந்தச் சத்தத்தின் வால் எந்தச் சொல்லோடு வந்தாலும் இனி அவளுக்கு ஒரே சொல்தான். வெகுநேரம் தொடையில் தட்டிக்கொண்டு தேடினார். தட்டைத் தாங்கும் எழுத்து வேண்டும்; கோ என்று முடியக் கூடாது.

"தொட்டிலைக் காத்துநில்லு மாரித்தாயே."

அவள் வெட்டிப் பார்த்தாள். தொட்டிலை. தொட்டிலைக் காத்துநில்லு. மறுபடியும் பார்த்தாள். கல்லை ஆற்றில் போட்டுவிட்டு எழுந்தாள். "ராஜாம்பாகிட்ட நான் சொல்றேன்."

அடுத்த வெள்ளிக்கிழமை குடியிருப்பில் கும்மி நடந்தது. அரங்கநாதன் ஊருக்கு வெளியே, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். பழனி பம்பையை எடுக்க மாட்டேன் என்றுவிட்டான். அவன் திரும்பவும் அதை எடுக்க ஒரு வருஷம் ஆயிற்று. வெறும் கைத்தட்டில்தான் பாடினார்கள். புது வரியில் வருவது எந்தக் காப்பு என்று குஞ்சம்மாள் முன்னதாகவே எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். பழைய வரிகள் நாலு வந்தன. பிறகு ராஜாம்பாள் குரல் தோளிலே என்று எடுத்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். நாலாவது தட்டில் தாயே நின்றது. வட்டம் வாங்கித் திருப்பிப் பாடியது. காப்புவெச்சோம், காப்புவெச்சோம் என்று அந்தக் குரல்கள் அம்மனிடம் சொல்லிவிட்ட பிறகு, மறுநாள் காலையில் அதைச் செய்யாமல் இருக்க அவர்களால் முடியவில்லை. சொன்ன வாக்கு ஆயிற்றே. முதலில் சின்னக்கண்ணு தோளைக் காட்டினாள். குஞ்சம்மாள் அவளை மடியில் வைத்துக்கொண்டு, ஊசியைப் பார்க்காமல் பெண்ணின் உச்சந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மலைக்குப் போகும்போது ராஜாம்பாளால் வர முடியவில்லை. பிள்ளைத்தாச்சி, அவளுக்கு மாதம் ஏறியிருந்தது. "நான் வர்றேன்" என்றாள் குஞ்சம்மாள். எடுத்துக்கோ என்று பாடிய அந்த மாலைக்குப் பிறகு அவள் வாயிலிருந்து பாட்டு வந்திருக்கவில்லை.

அப்போது கல்வராயன் மலைக்கு வண்டிப் பாதை கிடையாது. பாவாடை பெட்டியைத் தலையில் சுமந்து வந்தான். மேலே ஒரு ஊரில் மாரியம்மன் கல்லுக்கு முன்னால், குஞ்சம்மாள் தனியாக நின்று பாடினாள். மலைக்காரப் பெண்களுக்கும் அந்த மெட்டு தெரிந்திருந்தது. இரண்டாம் வரியிலேயே வாங்கிப் பாடத் தொடங்கினார்கள். அவள் குரல் எங்கேயும் உடையவில்லை. நாலாவது தட்டில் மட்டும், மற்றவர்கள் நீட்டுகிற அளவுக்கு அவள் நீட்டவில்லை. வார்த்தை முடிந்ததும் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். அங்கே நிற்க அவளுக்குப் பயம்.

அந்த ஊரில் ஏற்கெனவே படுத்திருந்த நாலு பேரில் இரண்டு பேர் பிழைக்கவில்லை. புதிதாக யாருக்கும் வரவில்லை.

அரங்கநாதன் அதற்குப் பிறகு வாழ்த்துப்பாவோ வேறு பாட்டோ எழுதியதில்லை. கல்யாண வீட்டிலிருந்து யாராவது கேட்டு வந்தால், மறந்துபோயிற்று என்று சொல்லி அனுப்பிவிடுவார். அந்த இரண்டு வரி மட்டும் ஊர் ஊராகப் போயிற்று. அம்மை ஒழிந்து பல வருஷம் கழித்தும், எந்தக் காப்பு என்று தெரியாமலே பெண்கள் அதைப் பாடினார்கள். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, திருக்கோவிலூர் கடைத்தெருவில் நடந்து போகும்போது எங்காவது அது காதில் விழுந்தால் தட்டு முடியும்வரை நிற்பார். பிறகு நடப்பார். வீட்டில் யாரிடமும் அது தன்னுடையது என்று அவர் சொல்லவில்லை. தன்னுடையது என்று அவர் நினைக்கவும் இல்லை.

அன்று மலையில், ஊசி போட்டு முடித்துப் பெட்டியைக் கட்டும்போது, ஒரு மலைக்காரப் பெண் குஞ்சம்மாளுக்குக் களி கொண்டுவந்து கொடுத்தாள். சாப்பிடுகிறவளின் பக்கத்தில் குந்திக்கொண்டு, "உனக்கு எத்தினி புள்ளைங்க?" என்று கேட்டாள்.

குஞ்சம்மாள் வாயிலிருந்த கவளத்தை விழுங்கினாள்.

"ரெண்டு" என்றாள்.

அரங்கநாதன் பெட்டியின் கயிற்றை இன்னொரு முறை இறுக்கிக் கட்டினார். பாவாடை அதை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, யாருக்கும் காத்திராமல் சரிவில் இறங்கத் தொடங்கினான்.